ஒருமுறையாவது பரிசு விழாதா?

வாரம் ஒரு சீட்டு வீதம் ஆண்டுக்கணக்கில் வாங்கி வந்தால், என்றாவது ஒருநாள் பரிசு விழத்தானே வேண்டும்? பரிசுச்சீட்டு வாங்கும் பழக்கமுள்ளவர்கள் எல்லா நாடுகளிலும் கேட்கும் கேள்வி இது. தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டு முதல் லாட்டரிக்குத் தடை இருக்கிறது. ஆனால் எல்லையைக் கடந்தால் கேரள அரசின் சீட்டு கிடைக்கிறது என்பதால், இந்தக் கேள்வி நம்மிடையே இன்னும் உயிரோடு இருக்கிறது.

கேள்வியில் நியாயம் உண்டு. பல முறை முயல்பவருக்கு ஒருமுறை முயல்பவரைவிட வாய்ப்பு அதிகம் என்பதில் ஐயமில்லை. எவ்வளவு அதிகம் என்பதில்தான் பலரது கணக்கும் தவறுகிறது. நூறில் ஒரு வாய்ப்பு என்றால் நூறு முறை வாங்கினால் ஒன்று உறுதி என்று மனம் கூட்டிப் பார்க்கிறது. அந்தக் கூட்டலே பிழை.

பிழையும் புதிதன்று. 17-ஆம் நூற்றாண்டு பிரான்சில் ஷெவாலியே தெ மெரே என்பவர் பகடைப் பந்தயம் பற்றிய ஐயங்களைக் கணித அறிஞர் பாஸ்கலிடம் எழுப்பினார். ஒரு பகடையை 4 முறை உருட்டினால் ஒருமுறையாவது ஆறு விழுமா? இரண்டு பகடைகளைச் சேர்த்து 24 முறை உருட்டினால் ஒருமுறையாவது இரட்டை ஆறு விழுமா? ஆறில் 4, முப்பத்தாறில் 24 என்று கூட்டிப் பார்த்தால் இரண்டும் ஒன்றே. உண்மையில் முதல் பந்தயத்தில் வெல்லும் வாய்ப்பு 51.8%; இரண்டாவதில் 49.1%. ஒன்று ஆதாயம், மற்றொன்று நட்டம். பாஸ்கலும் ஃபெர்மாவும் 1654-இல் எழுதிக்கொண்ட கடிதங்களிலிருந்து நிகழ்தகவுக் கணிதம் வளர்ந்தது.

சரியான வழி, கேள்வியைத் திருப்பிப் போடுவது. "ஒருமுறையாவது பரிசு" என்பதற்குள் ஒரு பரிசு, இரு பரிசுகள், பத்துப் பரிசுகள் என எண்ணற்ற நிலைகள் அடங்கியுள்ளன. ஒவ்வொன்றையும் கணக்கிட்டுக் கூட்டுவது பெரும்பாடு. அதற்கு எதிரான நிலையோ ஒன்றே ஒன்றுதான்: ஒருமுறைகூடப் பரிசு விழவில்லை. அதன் வாய்ப்பைக் கண்டுபிடித்து 1-லிருந்து கழித்துவிட்டால் விடை கிடைத்துவிடும். இதுதான் நிரப்பு விதி. ஒரு சீட்டின் வெற்றி வாய்ப்பு p என்றால், n வாரங்களில் ஒருமுறையாவது வெல்லும் வாய்ப்பு 1 − (1 − p)^n.

விதிகள் தெளிவாக வெளியிடப்பட்ட ஒரு லாட்டரியை எடுத்துக்கொண்டு இதைப் பார்க்கலாம். பிரிட்டனின் தேசிய லாட்டரி 1994 நவம்பரில் தொடங்கியது. 1 முதல் 49 வரையுள்ள எண்களில் ஆறைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சீட்டின் விலை 1 பவுண்டு. குலுக்கலில் வரும் ஆறு எண்களில் மூன்று பொருந்தினால் 10 பவுண்டு; நான்கு, ஐந்து, ஆறு பொருந்தினால் படிப்படியாகப் பெரிய பரிசு. 2013 வரை இந்த விலை நீடித்தது. 2015-இல் எண்கள் 59 ஆக உயர்த்தப்பட்டன.

49 எண்களிலிருந்து ஆறைத் தேர்ந்தெடுக்க 1,39,83,816 வழிகள் உள்ளன. அவற்றில் மூன்று எண்கள் மட்டும் பொருந்துபவை 2,46,820. நான்கு பொருந்துபவை 13,545. ஐந்து பொருந்துபவை 258. ஆறும் பொருந்துவது ஒன்று. ஆகப் பரிசுக்குரியவை 2,60,624. மொத்தத்தால் வகுத்தால் 0.01864, அதாவது ஏறத்தாழ 54-இல் ஒன்று. ஒரு வாரத்தில் எதுவும் விழாமல் போகும் வாய்ப்பு 0.98136.

ஒவ்வொரு வாரக் குலுக்கலும் முந்தையதைச் சாராதது. ஆகவே இரண்டு வாரமும் ஏமாற்றம் என்பதன் வாய்ப்பைக் காண 0.98136-ஐ அதனாலேயே பெருக்க வேண்டும். 52 வாரங்களுக்கு 52 முறை பெருக்க வேண்டும். விடை 0.376. இதை 1-லிருந்து கழித்தால் 0.624. ஓராண்டு தவறாமல் வாங்குபவருக்கு ஏதேனும் ஒரு பரிசாவது விழும் வாய்ப்பு 62.4%. ஐந்தாண்டுகளில் அது 99.2%. பத்தாண்டுகள் வாங்கியும் ஒரு பரிசுகூடக் காணாதவர் ஏறத்தாழ 17,700 பேரில் ஒருவரே.

கூட்டல் கணக்கு எங்கே தவறியது? 54-இல் ஒன்று என்ற வாய்ப்பை 54 வாரங்களுக்குக் கூட்டினால் 100% வருகிறது. நிரப்பு விதிப்படி விடை சுமார் 64% மட்டுமே. கூட்டி வந்த எண் பொருளற்றது அன்று. அது 54 வாரங்களில் ஒருவருக்குச் சராசரியாக எத்தனை பரிசுகள் விழும் என்பதைச் சொல்கிறது. சராசரி ஒன்று என்பதால் ஆளுக்கு ஒன்று என்று ஆகிவிடாது. சிலருக்கு இரண்டும் மூன்றும் விழுந்திருக்கும். அதே அளவுக்கு வேறு சிலருக்கு எதுவுமே விழுந்திருக்காது. சராசரி வருமானத்தை வைத்து ஒவ்வொரு குடும்பத்தின் வருமானத்தையும் சொல்ல முடியாது என்று பொருளியல் வகுப்பில் நான் மாணவர்களிடம் சொல்லி வந்ததும் இதைத்தான். N-இல் ஒன்று என்ற சிறு வாய்ப்பை N முறை முயன்றால் கிட்டத்தட்ட 63% என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், பல விளம்பரங்களை நாமே சரிபார்த்துவிடலாம்.

இதுவரை படித்தவர்களுக்கு லாட்டரி நல்ல முதலீடாகத் தோன்றக்கூடும். அங்கேதான் எச்சரிக்கை தேவை. "ஏதேனும் ஒரு பரிசு" என்ற சொற்றொடர் 10 பவுண்டையும் பல லட்சம் பவுண்டையும் ஒரே தட்டில் வைக்கிறது. ஒவ்வொரு பரிசுக்கும் தனித்தனியே அதே விதியைப் பயன்படுத்திப் பார்ப்போம்.

நான்கு எண்களோ அதற்கு மேலோ பொருந்தும் வாய்ப்பு 1,013-இல் ஒன்று. இருபதாண்டுகளில் 1,040 வாரங்கள். கூட்டினால் 102.7% வரும். எந்த நிகழ்ச்சியின் வாய்ப்பும் நூறு சதவீதத்தைத் தாண்டாது என்பதால், கூட்டல் முறை தவறென்று இந்த எண்ணே காட்டிக்கொடுக்கிறது. சரியான விடை 64.2%. இனி முதல் பரிசு. அதற்கான வாய்ப்பு 1,39,83,816-இல் ஒன்று. ஒருவர் ஐம்பதாண்டுகள் ஒரு வாரமும் தவறாமல் வாங்கினாலும் முதல் பரிசு ஒருமுறையாவது விழும் வாய்ப்பு சுமார் 5,400-இல் ஒன்றுதான். அந்த வாய்ப்பு பாதிக்குப் பாதி ஆக வேண்டுமானால் ஏறத்தாழ 1,86,000 ஆண்டுகள் வாங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

பணத்தையும் எண்ணுவோம். விதிகள் மாறாமல் இருந்ததாகக் கொண்டால் இருபதாண்டுச் செலவு 1,040 பவுண்டு. அதில் மூன்று எண் பரிசு சராசரியாக 18 முறை விழும். 184 பவுண்டு திரும்பும். நான்கு எண் பரிசு சராசரியாக ஒருமுறை. அதன் தொகை பெரும்பாலும் 60 பவுண்டை ஒட்டியே இருந்தது. ஐந்து எண்களோ ஆறு எண்களோ பொருந்துவதை இருபதாண்டுகளில் காணாதவர்கள் நூற்றுக்கு 98 பேர். ஆக, வழக்கமான ஒருவருக்குச் செலவழித்ததில் கால் பங்கு அளவே திரும்பி வருகிறது. விற்பனைத் தொகையில் சுமார் 45% பரிசாகத் தரப்பட்டது என்றாலும், அதன் பெரும்பகுதி மிகச் சிலரிடம் போய்ச் சேர்ந்தது. பரிசு விழுவதும் உறுதி, நட்டமும் உறுதி என்ற இரண்டும் ஒரே ஆளுக்கு ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பது இவ்வாறுதான்.

செங்கோட்டைப் பக்கம் வசிக்கும் என் உறவினர் ஒருவர் ஆரியங்காவு வரை சென்று சீட்டு வாங்குபவர். "இத்தனை வருஷம் விழலையே மாமா, இனிமே விழுந்துதானே ஆகணும்?" என்று ஒருமுறை கேட்டார். நிரப்பு விதியைத் தவறாகப் புரிந்துகொள்பவர்கள் வந்து சேரும் இடம் இது. பத்தாண்டுக்கு என்று நாம் கண்ட வாய்ப்பு, முதல் சீட்டு வாங்குவதற்கு முன் நின்று எதிர்காலத்தைப் பார்ப்பவருக்கு உரியது. ஒன்பதாண்டு ஏமாற்றம் நடந்து முடிந்துவிட்டால் அது இனி வாய்ப்பு அன்று, நிகழ்ந்த உண்மை. எஞ்சியிருப்பது வரவிருக்கும் வாரங்கள் மட்டுமே. அவற்றில் ஒவ்வொன்றிலும் வாய்ப்பு முதல் வாரம் இருந்த அதே அளவுதான். குலுக்கல் எந்திரத்துக்கு நினைவாற்றல் கிடையாது.

கேரளச் சீட்டுக்கும் இக்கணக்கைப் போடலாம். அங்கே சிறிய பரிசுகள் பெரும்பாலும் கடைசி நான்கு இலக்கங்களைக் கொண்டு வழங்கப்படுகின்றன. 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் எண்கள். ஒரு குலுக்கலில் அப்படி எத்தனை நான்கு இலக்க எண்கள் அறிவிக்கப்படுகின்றன என்று எண்ணிப் பத்தாயிரத்தால் வகுத்தால் p கிடைக்கும். பேச்சுக்கு 300 எண்கள் என்று வைத்துக்கொண்டால் 3%; ஓராண்டில் ஒருமுறையாவது விழும் வாய்ப்பு 79.5%. ஆனால் இந்த 79.5 விழுக்காட்டில் பெரும்பகுதி மிகச் சிறிய பரிசுக்கு உரியது என்பதை மறக்கலாகாது.

இந்த விதிக்கு ஓர் எல்லையும் உண்டு. வெவ்வேறு வாரங்களின் குலுக்கல்கள் ஒன்றையொன்று சாராதவை என்பதால்தான் பெருக்க முடிகிறது. ஒரே குலுக்கலுக்குப் பல சீட்டுகள் வாங்கும்போது அந்த நிபந்தனை பொருந்தாது. ஒரே ஆறு எண்களை இரண்டு சீட்டுகளில் எழுதினால் வெல்லும் வாய்ப்பு சிறிதும் கூடாது. மாறாக, முதல் பரிசைப் பொருத்தவரை வெவ்வேறு எண்கள் கொண்ட இரு சீட்டுகளின் வாய்ப்பை நேரடியாகக் கூட்டலாம். ஏனெனில் இரண்டுமே வெல்வது இயலாது. எங்கே கூட்டுவது, எங்கே பெருக்குவது என்பதை முடிவு செய்வது இந்த வேறுபாடே.

ஆகவே, "இத்தனை ஆண்டு வாங்கினால் வெல்லும் வாய்ப்பு இவ்வளவு" என்று யாரேனும் சொன்னால், இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். எந்தப் பரிசை வெல்லும் வாய்ப்பு? அதுவரை ஆகும் செலவு எவ்வளவு? முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால் நிரப்பு விதி மீதியைச் சொல்லிவிடும். இரண்டாவதற்கு வாரச் செலவை வாரங்களின் எண்ணிக்கையால் பெருக்கினாலே போதும். அந்தத் தொகைக்கு நிகழ்தகவு தேவையில்லை. அது நூறு சதவீதம் நம் பையிலிருந்து போவது.