மொட்டை மாடிக்குப் போகும் காப்பர் பைப்

தரைத்தளத்தில் ஏ.சி., நான்கு மாடிக்கு மேலே மொட்டை மாடியில் அவுட்டோர் யூனிட். பைப் கொஞ்சம் நீளம், அவ்வளவுதானே என்று தோன்றும்.

சிக்கல் எண்ணெயில். கம்ப்ரஸருக்குள் இருக்கும் எண்ணெயில் சிறிதளவு, கேஸோடு சேர்ந்து பைப்பில் சுற்றிவரும். மேலே இருக்கும் கம்ப்ரஸருக்கு அதைத் திரும்ப ஏற்றுவது தடித்த பைப்பில் ஓடும் கேஸின் வேகம்தான். உயரம் கூடினால் எண்ணெய் கீழேயே தேங்கும். குளிர் குறையும், கம்ப்ரஸர் சூடேறித் தேயும்.

கையேட்டில் நீள வரம்பு 20 மீட்டர், உயர வரம்பு 10 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தளத்துக்கு 3 மீட்டர் வீதம் நான்கு தளம் ஏறினாலே 12 மீட்டர். பைப் 16 மீட்டரில் முடிந்தாலும் உயரத்தில் தோற்றுவிடும். இரண்டு வரம்புக்கும் தனித்தனியே உட்பட வேண்டும்.

யூனிட்டை இரண்டாம் மாடிச் சுவரில் மாட்டினால் உயரப் பிரச்சினை தீரும். அப்போதும், ஆலையில் அடைத்த கேஸ் 5 மீட்டர் பைப்புக்குத்தான் என்றால், மிச்ச நீளத்துக்குக் கையேடு சொல்லும் கிராம் கணக்கில் எடைபோட்டு ஏற்ற வேண்டும். அனுபவஸ்தரின் கைக்கணக்கு இங்கே உதவாது.