மனையாளுக்கு ஒரு பாட்டு

அட்டனுக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றிலிருந்து முதியவர் ஒருவர் ஒருநாள் என்னைத் தேடி வந்தார். கவ்வாத்து வெட்டியே காலங் கழித்தவர். "ஐயா, கல்யாணமாகி 40 வருசமாகுது. அவளுக்கு ஒரு பாட்டு எழுதித் தாங்க" என்றார்.

பண்டிதனல்லவா? மதிமுகம், மான்விழி, அன்னநடை யாவும் அமைய நான்கு வெண்பாக்கள் இயற்றிக் கொடுத்தேன். மறுவாரம் தாளோடு திரும்பி வந்தார். "நல்லாத்தான் இருக்குங்க. ஆனா இது யாரைப் பத்தினதுன்னு கேக்குறா" என்றார்.

அக்கேள்வி என்னைச் சிந்திக்க வைத்தது. நம் நாட்டார் பாடலில் இல்வாழ்வின் நெடுங்கணக்கை எடுத்துரைப்பவள் பெரும்பாலும் மனைவியே. அதுவும் கணவன் மாண்டபின், ஒப்பாரியில். கணவன், வாழும் மனைவியை நோக்கி அக்கணக்கைச் சொல்லும் பாட்டு அரிது. ஏட்டிலக்கியத்தில் அவ்வழியைக் காட்டியவர் பாரதிதாசன். 'குடும்ப விளக்கின்' ஐந்தாம் பகுதியாகிய 'முதியோர் காதலில்' வரும் கிழவர், மனைவியின் உருவழகு நீங்கியதை மறைக்கவில்லை. அவள் உயிரோடிருப்பதே தமக்கு இன்பம் என்கிறார். அங்கே அழகை மிகைப்படுத்தும் உவமைக்கு வேலையில்லை.

ஆகவே வெண்பாவைக் கைவிட்டு, தாலாட்டுக்குரிய இரண்டடிக் கண்ணியை எடுத்துக்கொண்டேன். "அம்மாவுக்கும் உங்களுக்கும் மட்டுமே தெரிந்ததைச் சொல்லுங்கள்" என்றேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். வேறொருவர் மனைவிக்கும் பொருந்தும் அடி எதுவாயினும் அடித்துவிட்டேன். முதலில் நின்றது இது:

கவ்வாத்துக் கத்தியால் கைகிழிந்த அன்று
கந்தைத் துணிகிழித்துக் கட்டிவிட்டாய் நின்று

பிறகு அவர் நெடுநேரம் பேசவில்லை. தோட்டத்தில், குறித்த நிறைக்குக் கொழுந்து பறித்தால்தான் முழுப்பேர்; குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். கொழுந்து மங்கிய மாதமொன்றில் நடந்ததைத் தாழ்ந்த குரலிற் சொன்னார். நான் செய்ததெல்லாம் எதுகை சேர்த்தது ஒன்றே:

பேர்விழாத நாளிலும் பிள்ளைக்குச் சோறிட்டாய்
நீர்குடித்து நீபடுத்தாய், நான்ஒன்றும் கேட்கவில்லை

இரண்டாம் அடியில் இறுதி இயைபு அமையவில்லை. திருத்த முயன்றேன், "கேட்கவில்லை" என்னுஞ் சொல்லை மாற்ற அவர் இசையவில்லை. புகழுரையாக இருந்த பாட்டு அச்சொல்லால் ஒப்புதல் வாக்குமூலமாயிற்று. இலக்கணத்தைவிட அது பெரிதென்று விட்டுவிட்டேன்.

மணநாளன்று லயத்து வாசலில், பேரப்பிள்ளைகள் சூழ, நடுங்குங் குரலில் பாடினார். முதற் கண்ணிக்கு அம்மையார் முந்தானையால் வாயை மூடிச் சிரித்தார். இரண்டாவதற்குச் சிரிக்கவில்லை. பாட்டு முடிந்தபின் கணவரைப் பார்த்து மெல்லக் கேட்டார்:

"ஒங்களுக்கு அப்பவே தெரியுமா?"

அவர் தலைகுனிந்தார். அம்மையார் எழுந்து சென்று அவருக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தார்; தமக்கும் ஒரு குவளை ஊற்றிக்கொண்டு அருகே அமர்ந்தார்.