விகடகவியைத் திருப்பினால் False

ஷார்ட்ஸ் பார்க்கிறவர்கள் இந்த வகை வீடியோவை எப்படியும் ஒரு தடவை கடந்திருப்பார்கள். கறுப்புத் திரையில் பைத்தான் நிரல் ஒவ்வொரு வரியாக வந்து விழும். ஒரு குரல் அதை விளக்கும். கடைசியில் விடை திரையில் தோன்ற, குரலும் அதைச் சொல்லும். ஒரு வீடியோவுக்கு ஓர் உத்திதான். 2024 அக்டோபர் முதல் யூடியூப் ஷார்ட்ஸ் மூன்று நிமிடம் வரை போகலாம் என்றாலும், இந்த வகைக்கு நாற்பது நொடியே தாராளம்.

இவற்றில் அடிக்கடி வருவது `[::-1]`. பைத்தானில் ஒரு சொல்லுக்குப் பக்கத்தில் சதுர அடைப்புக்குறி போட்டு, எங்கே தொடங்கி எங்கே முடித்து எத்தனை எத்தனையாகத் தாண்டி எழுத்துகளை எடுக்க வேண்டும் என்று சொல்லலாம். தொடக்கத்தையும் முடிவையும் எழுதாமல் விட்டால் முழுச் சொல் என்று பொருள். தாண்டும் அளவு -1 என்றால் பின்னாலிருந்து முன்னால் ஒவ்வொன்றாக வா என்று பொருள். ஆகவே `"madam"[::-1]` மறுபடி madam என்றே வரும். True என்று திரையில் விழும், வீடியோ முடிந்துவிடும். பார்த்தவருக்கு ஒரு குறியீடு தெரிந்தது, அவ்வளவுதான். அடுத்த வீடியோ வருவதற்குள் அதுவும் மறந்துபோகும்.

அதே இரண்டு வரியில் தமிழ்ச் சொல்லை வைத்தால் கதை மாறுகிறது.

```python
word = "விகடகவி"
print(word == word[::-1])
```

இதை ஓட்டினால் False என்று வருகிறது. எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றாக இருக்கும் சொல்லுக்கு உதாரணம் கேட்டால் தமிழில் முதலில் நாவில் வருவது விகடகவிதான். அதைப் பார்த்துப் பைத்தான் இல்லை என்கிறது. ஷார்ட்ஸ் எடுக்க இதைவிட நல்ல பொருள் கிடைப்பது கஷ்டம்.

காரணம் யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் முறையில் இருக்கிறது. நமக்கு ‘வி’ ஓர் எழுத்து. கணினிக்கு அது ‘வ’ ஒன்று, இகரக் கொக்கி ஒன்று என இரண்டு குறிகள். `len(word)` என்று கேட்டால் 5 வராது, 7 வரும். ஏழையும் திருப்பிப் போடும்போது கடைசியில் இருந்த கொக்கி முதலில் வந்து, ஒட்டிக்கொள்ள எழுத்தில்லாமல் நிற்கிறது. பெரும்பாலான திரைகள் அதன் பக்கத்தில் ஒரு புள்ளி வட்டத்தைப் போட்டுக் காட்டும். பின்னால் வ, க, ட வருகின்றன. முதல் ‘வி’யில் இருந்த கொக்கி இப்போது அடுத்த ‘க’வின் மேல் ஏறி அதைக் ‘கி’ ஆக்கிவிடுகிறது. கடைசியில் ஒரு மொட்டை ‘வ’. திருப்பிய சொல்லைத் தனியாக அச்சிட்டுக் காட்டினால் இந்த அலங்கோலம் கண்ணுக்கே தெரியும், விளக்கமே வேண்டாம்.

இனி இதை வீடியோவாக எடுப்பது. செங்குத்துத் திரையின் அகலம் 1080 புள்ளி. இருபுறமும் அறுபது அறுபது விட்டால் மிச்சம் 960. செல்போனில் சிரமமில்லாமல் படிக்க 64 புள்ளி எழுத்து வைத்தால், நிரலுக்குப் பயன்படும் சம அகல எழுத்துருவில் ஓர் எழுத்து ஏறத்தாழ 38 புள்ளி பிடிக்கும். அதாவது ஒரு வரிக்கு 25 எழுத்து. மேலே உள்ள `print` வரியை எண்ணிப் பாருங்கள், சரியாக 25. இதற்கு மேல் நீண்டால் வரி மடங்கும், மடங்கிய நிரலை யாரும் படிக்க மாட்டார்கள். வலது ஓரத்தின் கீழ்ப் பாதியில் லைக், ஷேர் பொத்தான்கள் வந்து மறைக்கும் என்பதால் நிரலை மேல் பாதியில் வைப்பது நல்லது.

வரிகளை முழுதாகத்தான் வரவிட வேண்டும். தட்டச்சு செய்வதுபோல் எழுத்தெழுத்தாக வரும் எஃபெக்ட் பலருக்குப் பிடிக்கும். தமிழில் அது ‘வ’ என்று காட்டி அடுத்த கணம் ‘வி’ ஆக்கும், கண் உறுத்தும். தவிர, மறைத்து வைத்திருக்கும் ரகசியத்தை முன்கூட்டியே உடைத்தும்விடும்.

முதல் வரி வந்ததும் குரல், ‘விகடகவி. எந்தப் பக்கம் படித்தாலும் ஒன்றுதானே?’ என்று கேட்கட்டும். இரண்டாம் வரி வரும்போது ‘ஸ்கொயர் பிராக்கெட், கோலன், கோலன், மைனஸ் ஒன்று’ என்று குறிகளை வாசிக்கவே கூடாது. அவை திரையில் இருக்கின்றன. ‘திருப்பிப் போட்டதும் அசலும் ஒன்றா?’ என்றால் போதும். அதன்பின் இரண்டு நொடி மௌனம். பார்க்கிறவர் மனதுக்குள் True என்று சொல்லிக்கொள்ள அந்த இடைவெளி வேண்டும். False தோன்றி ஒரு நொடி கழித்துத்தான் குரல் வர வேண்டும், ‘பைத்தான் இல்லை என்கிறது’ என்று. பலர் இங்கே அவசரப்பட்டு விடையை முன்னாலேயே சொல்லிவிடுகிறார்கள். காதில் விழுந்துவிட்டால் கண் தேடாது.

பிறகு திருப்பிய சொல்லின் கோலத்தையும், ஏழு கட்டங்களில் ஏழு குறிகளையும் காட்டிவிட்டுத் தீர்வுக்கு வரலாம்.

```python
from regex import findall
e = findall(r"\X", word)
print(e == e[::-1])
```

`\X` என்பது, கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரிவதை ஒன்றாகவே எடு என்ற கட்டளை. வி, க, ட, க, வி என்று ஐந்து துண்டு கிடைக்கும். துண்டுகளைத் திருப்பினால் கொக்கி இடம் மாறாது. True. இந்த முறை குரல், ‘இப்போது ஆமாம் என்கிறது’ என்று சொல்லி நிறுத்திக்கொள்ளலாம்.

ஒரு வழுக்கும் இடம் உண்டு. `regex` பைத்தானோடு சேர்ந்து வருவதில்லை, `pip install regex` என்று போட்டு நிறுவ வேண்டும். கூடவே வரும் `re` போதுமே என்று மாற்றினால் `bad escape \X` என்று பிழை விழும். அதனால் நிறுவும் கட்டளை திரையின் கீழ் ஓரத்தில் சிறிதாகவாவது இருக்க வேண்டும். விடையைக் கையால் தட்டிச் சேர்க்காமல், ஓட்டிப் பதிவுசெய்ததையே வெட்டி ஒட்டுவதும் அவசியம். எடிட்டிங் மென்பொருள் சிலவற்றில் தமிழ்க் கொம்பும் காலும் இடம் மாறி விழும். நிரல் சொல்லும் குளறுபடி எது, எடிட்டர் செய்த குளறுபடி எது என்று பார்க்கிறவருக்குத் தெரியாது.

தீர்வு எல்லாச் சொல்லுக்கும் பொருந்தும் என்று மட்டும் குரல் சொல்லிவிடக் கூடாது. ‘காக்கா’, ‘தேருவருதே’ இரண்டும் True தரும். ஆனால் ‘க்ஷ’வை நாம் ஓர் எழுத்தாகப் பார்க்கிறோம், `\X` அதை க், ஷ என்று இரண்டாகப் பிரிக்கும். ‘கொ’வில் வேறு சிக்கல். கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாகவும் அதைச் சேமிக்கலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோல் தெரியும், ஒப்பிட்டால் False வரும். `unicodedata.normalize` என்று ஒன்று இருக்கிறது அதற்கு. அது அடுத்த ஷார்ட்ஸுக்கான சரக்கு, இதே நாற்பது நொடிக்குள் திணிக்கக் கூடாது.