ரெஸ்யூமேயில் வேலையும் காலமும்

ஆங்கில ரெஸ்யூமேயின் அனுபவப் பகுதியில் ஒவ்வொரு வரியும் எழுவாய் இல்லாமல் வினைச்சொல்லிலேயே தொடங்கும். அதனால் காலம் பிசகினால் சட்டென்று கண்ணில் படும். இப்போது பார்க்கும் வேலைக்கு நிகழ்காலம், விட்டுவந்த வேலைக்கு இறந்தகாலம். ஒரு கணக்காளர் இன்றைய வேலையில் 'பிரிப்பேர்' என்று எழுதினால், முந்தைய நிறுவனத்தில் செய்த அதே பணி 'பிரிப்பேர்டு' ஆகும்.

குழப்பம் வருவது நடப்பு வேலையில்தான். அந்தக் கணக்காளர் மாதாமாதம் ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் செய்கிறார், அது நிகழ்காலம். போன வருடம் கைப்பேரேடுகளை டேலிக்கு மாற்றி முடித்தார். நிறுவனம் அதேதான் என்றாலும் அந்தக் காரியம் முடிந்துவிட்டது, ஆகவே இறந்தகாலம். தொடரும் பணிகளை முதலில் எழுதி, முடிந்தவற்றை அவற்றின் கீழே வைத்தால் படிப்பவர் தடுமாறமாட்டார்.

பிழை பெரும்பாலும் வேலை மாறும்போது நுழைகிறது. பழைய வேலைக்கு முடிந்த தேதியைப் போட்டுவிடுவார்கள். வினைகள் மட்டும் நிகழ்காலத்திலேயே நிற்கும். வரிகளின் முதல் சொல்லை மட்டும் மேலிருந்து கீழே படித்தால் இது தெரிந்துவிடும். காலமே காட்டாத 'மேனேஜிங்', 'ரெஸ்பான்சிபிள் ஃபார்' போன்ற தொடக்கங்களும் அப்போதே அகப்படும்.