200 கோடியிலிருந்து 60 லட்சத்துக்கு

பிளேஸ்டேஷன் 5-இல் ஆடும் ஆட்டத்தை யூடியூபிலோ ட்விச்சிலோ நேரலையாகக் காட்ட வேண்டும். அதே ஆட்டம் நல்ல தரத்தில் கணினியிலும் பதிவாக வேண்டும், பிறகு வெட்டித் தொகுத்து வீடியோ போடலாம். இதற்காக டெஸ்க்டாப் வாங்க ரிச்சி தெருவுக்குப் போகிறவரின் பட்ஜெட்டில் பாதியைப் பெரும்பாலும் கிராஃபிக்ஸ் கார்டு தின்றுவிடும். ஆனால் இங்கே ஆட்டத்தை ஓட்டுவது பிளேஸ்டேஷன், கணினி அல்ல. வருகிற படத்தை வாங்கிச் சுருக்கி, ஒரு பிரதியை இணையத்துக்கும் இன்னொன்றை டிஸ்க்குக்கும் அனுப்புவதுதான் கணினியின் வேலை. அந்தப் படம் எந்த இடத்தில் எவ்வளவு கனக்கிறது என்று தெரிந்துகொண்டால், காசை எங்கே போடுவது என்பதில் குழப்பம் இருக்காது.

ஃபுல் எச்டி படம் ஒன்றில் 1920 × 1080 புள்ளிகள், அதாவது 20 லட்சத்துக்குச் சற்று மேல். புள்ளிக்கு 2 பைட், நொடிக்கு 60 படம் என்று கணக்கிட்டால் நொடிக்குச் சுமார் 25 கோடி பைட். பிட்டில் சொன்னால் 200 கோடி. எச்டிஎம்ஐ கேபிளில் வரும் இந்தச் சுமையைக் கணினிக்குள் இறக்குவதுதான் கேப்சர் கார்டின் பொறுப்பு.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பென் டிரைவ் அளவு கேப்சர் கார்டுகள் திணறுவது இங்கேதான். அவற்றில் பல யூஎஸ்பி 2.0 வகை, அந்த வழியில் நொடிக்கு அதிகபட்சம் 48 கோடி பிட்தான் போகும். 200 கோடியை அதற்குள் நுழைக்க, கார்டு ஒவ்வொரு படத்தையும் ஜேபெக் போல நசுக்குகிறது. ஃபுல் எச்டியில் பெரும்பாலும் நொடிக்கு 30 படத்தோடு நின்றுகொள்கிறது. அட்டைப்பெட்டியில் ‘4கே’ என்று போட்டிருப்பது, 4கே படத்தை வாங்கிக்கொள்ளும் என்ற அளவில்தான் உண்மை. அப்படியே பதிவு செய்யும் என்று பொருளில்லை. சிவப்பு எழுத்துகளின் ஓரம் கரைந்து தெரிவதும், வேகமான ஓட்டம் வெட்டி வெட்டி வருவதும் இதன் அடையாளம்.

யூஎஸ்பி 3.0-இல் நொடிக்கு 500 கோடி பிட் வரை இடமுண்டு, ஆகவே அந்த வகைக் கார்டு போதும். ஆனால் நல்ல கார்டையும் பழைய கேபிளிலோ யூஎஸ்பி 2.0 சாக்கெட்டிலோ மாட்டினால் பயனில்லை. கேபினட்டின் முன்பக்கத்தையும் யூஎஸ்பி ஹப்பையும் தவிர்த்து, மதர்போர்டின் பின்பக்கத்தில் நேராக மாட்டுவது நல்லது. பிறகு ஓபிஎஸ் மென்பொருளில் கார்டின் அமைப்பைத் திறந்து, 1920 × 1080, 60 படம் என்ற தேர்வில் வீடியோ வடிவம் `YUY2` அல்லது `NV12` என்று வருகிறதா என்று பார்க்கலாம். `MJPEG` மட்டுமே வந்தால் படம் குறுகிய வழியில்தான் வருகிறது.

எல்லாம் சரியாக மாட்டியும் முதல் நாள் திரை கறுப்பாகவே இருந்தால் கார்டைத் திருப்பிக் கொடுக்க ஓட வேண்டாம். பிளேஸ்டேஷனின் அமைப்புகளில் System, HDMI என்று போய் `Enable HDCP` என்பதை அணைத்தால் படம் வந்துவிடும். அது நகல் எடுப்பதைத் தடுக்கும் பூட்டு. அதை அணைத்திருக்கும்வரை நெட்ஃபிளிக்ஸ் போன்ற செயலிகள் பிளேஸ்டேஷனில் ஓடாது. கணினித் திரையைப் பார்த்து ஆடவும் கூடாது. கேப்சர் ஆகி வரும் படம் சற்றுத் தாமதமாகவே வரும். கார்டின் இன்னொரு எச்டிஎம்ஐ துளையிலிருந்து டிவிக்குக் கேபிள் இழுத்து, டிவியைப் பார்த்துத்தான் ஆட வேண்டும்.

அடுத்தது சுருக்கும் வேலை. இதற்கென்றே தனிச் சுற்றை இன்டெல் 2011-இல் ‘குவிக் சிங்க்’ என்ற பெயரில் பிராசஸருக்குள் வைத்தது. என்விடியா 2012-இல் ‘என்விஎன்சி’ என்று கிராஃபிக்ஸ் கார்டில் வைத்தது. ஹார்ட்வேர் என்கோடர் என்பது இதுதான். கடையில் ஏமாற எளிதான இடமும் இதுதான். இன்டெல் ஐ5-12400 பிராசஸரில் குவிக் சிங்க் உண்டு. அதைவிடச் சற்று மலிவான 12400எஃப்-இல் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் இல்லை என்பதால் அதுவும் இல்லை. அந்த எஃப் பிராசஸரோடு ஜிடி 1030 என்ற மலிவு கிராஃபிக்ஸ் கார்டைச் சேர்த்தால், அதிலும் என்விஎன்சி கிடையாது. என்கோடரே இல்லாத கணினி வீட்டுக்கு வந்துசேரும். பிறகு முழுப் பாரமும் பிராசஸர் தலையில்தான்.

பாரம் ஏன் பெரிதென்றால், சுருக்க வேண்டியது இரண்டு பிரதிகள். ட்விச்சுக்குப் போவது நொடிக்குச் சுமார் 60 லட்சம் பிட், ஓபிஎஸ் கணக்கில் 6000. இணைய இணைப்பின் அப்லோட் வேகம் தாங்க வேண்டும் என்பதால் இந்த அளவு மாறாமல் இருக்க வேண்டும், அதற்கு `CBR`. டிஸ்க்குக்குப் போகும் பிரதிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. `CQP` முறையில் 20 என்று வைத்தால் தரம் நிலையாக இருக்கும். அளவு காட்சிக்கேற்ப ஏறி இறங்கி, விறுவிறுப்பான ஆட்டத்தில் நொடிக்கு 4 கோடி பிட்டை ஒட்டி வரலாம். நிறையப் பேர் பதிவுக்கான என்கோடரை `Use stream encoder` என்றே விட்டுவிடுகிறார்கள். அப்போது டிஸ்க்கில் சேர்வதும் அந்த 60 லட்சம் பிட் படம்தான். புல்வெளியும் மழையும் கட்டம் கட்டமாக உடைந்த அந்தப் பதிவை எந்த எடிட்டராலும் சீராக்க முடியாது.

இனி டிஸ்க். 4 கோடி பிட் என்பது நொடிக்கு 5 எம்பிதான். மணிக்கு 18 ஜிபி. சாதாரண ஹார்ட் டிஸ்க்கே நொடிக்கு 100 எம்பிக்கு மேல் எழுதும். ஆகவே பதிவுக்கென்று அதிவேக என்விஎம்இ எஸ்எஸ்டி வாங்குவது வீண் செலவு. அந்தப் பணத்துக்கு 2 டிபி ஹார்ட் டிஸ்க் வாங்கினால் 100 மணி நேரத்துக்கு மேல் பதிவு நிற்கும். எடிட் செய்யும் அன்று, தேவையான கோப்பை மட்டும் எஸ்எஸ்டிக்கு நகல் எடுத்துக்கொள்ளலாம்.

தனி டிரைவ் தேவைப்படுவது வேகத்துக்காக அல்ல. மூன்று மணி நேர ஆட்டம் 54 ஜிபி. விண்டோஸ் இருக்கும் டிரைவ் நாலைந்து நாளில் நிரம்பிக் கணினியே தடுமாறும். ஒரே டிஸ்க்கைப் பிரித்து ‘டி டிரைவ்’ என்று பெயர் வைப்பது இதில் சேராது. கெட்டால் இரண்டும் சேர்ந்தே கெடும். வெளியே மாட்டும் டிரைவ் என்றால் அது எஃப்ஏடி32 முறையில் ஃபார்மேட் ஆகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. இந்த வேகத்தில் கால் மணி நேரத்துக்குள் அந்த எல்லை வந்துவிடும்.

பதிவு எம்கேவி வடிவில் இருக்கட்டும். வழக்கமான எம்பி4 கோப்பு தன் அட்டவணையைக் கடைசியில்தான் எழுதும். நடுவில் கரண்ட் போனால் முழு ஆட்டமும் திறக்காத கோப்பாகிவிடும். எம்கேவியில் கரண்ட் போன நொடி வரை மிஞ்சும். பிறகு ஓபிஎஸ்ஸின் `Remux Recordings` மூலம் தரம் குறையாமல் எம்பி4 ஆக மாற்றலாம்.

படம் விக்கினால் யார் மேல் தவறு என்பதை ஓபிஎஸ்ஸின் `Stats` பலகையே சொல்லிவிடும். `Skipped frames due to encoding lag` ஏறினால் என்கோடர் திணறுகிறது. `Dropped Frames (Network)` ஏறினால் இணையம்தான் காரணம்; பதிவு நன்றாகவே இருக்கும், பிட்ரேட்டைக் குறைத்தால் போதும். `Frames missed due to rendering lag` ஏறினால் கிராஃபிக்ஸுக்கு மூச்சு முட்டுகிறது.

நேரலைக்குப் போகும் முன் ஒரு மணி நேரம் சும்மா பதிவு செய்து பாருங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் கேமரா முன் ஒருமுறை கைதட்டுங்கள். இரண்டு இடத்திலும் சத்தம் ஒரே அளவு விலகியிருந்தால் ஓபிஎஸ்ஸில் `Sync Offset` எண்ணை மாற்றிச் சரிசெய்யலாம். தொடக்கத்தில் சரியாக இருந்து போகப் போக விலகினால் அந்த எண் உதவாது. அப்போது மைக், கேப்சர் கார்டு, ஓபிஎஸ் மூன்றும் 48 கிலோஹெர்ட்ஸில் இருக்கின்றனவா என்று பாருங்கள்; பல நேரங்களில் ஏதோ ஒன்று 44.1-இல் நின்றிருக்கும்.