30 பெசோ பாக்கி

மெக்சிகோ எழுத்தாளர் ஹுவான் ருல்ஃபோவின் ‘பாஸோ தெல் நோர்த்தே’ சில பக்கங்களே கொண்ட சிறுகதை. பிழைப்புக்காக எல்லை தாண்டப் போன ஒருவன் வெறுங்கையோடு ஊர் திரும்புகிறான். மனைவி வேறொருவனுடன் போய்விட்டாள். வீடு விற்றாகிவிட்டது. விற்றவர் பெற்ற தகப்பனார். விற்ற பிறகும் மகன் தனக்கு 30 பெசோ தர வேண்டியிருக்கிறது என்கிறார் அவர். 1953இல் வெளிவந்த ‘எல் யானோ என் யாமாஸ்’ தொகுப்பில் இந்தக் கதை இருக்கிறது. ருல்ஃபோ வாழ்நாளில் வெளியிட்ட புனைவு நூல்களே மிகக் குறைவு. இந்தத் தொகுப்பையும் 1955இல் வந்த ‘பெத்ரோ பாராமோ’ நாவலையும் வைத்துத்தான் லத்தீன் அமெரிக்க இலக்கியத்தில் அவருடைய இடம் இன்றுவரை பேசப்படுகிறது.

வெளியூர் போய்த் திரும்பியவனின் கதை என்றாலே ஒரு வழக்கமான வார்ப்பு உண்டு. போகும்போது எல்லாம் நன்றாக இருந்தது, வந்து பார்த்தால் எல்லாம் மாறிக் கிடக்கிறது, அவன் திகைத்து நிற்கிறான். ருல்ஃபோ இந்த வார்ப்பைத் தொடவே இல்லை. அவன் கிளம்பும்போதே உறவு விரிசல் விட்டிருந்ததைக் கதையின் முதல் பாதி காட்டிவிடுகிறது. இரண்டாம் பாதியில் அந்த விரிசலுக்கு விலை போடப்படுகிறது.

கதை ஒரு உரையாடலில் தொடங்குகிறது. யார் பேசுகிறார்கள், எங்கே நிற்கிறார்கள் என்று கதைசொல்லி எதுவும் சொல்வதில்லை. மகன் தகப்பனிடம் விடைபெற வந்திருக்கிறான். வடக்கே, அமெரிக்காவுக்குப் போகிறான். அவன் செய்துவந்தது பன்றி வியாபாரம். அது படுத்துவிட்டது. போன வாரம் சாப்பாட்டுக்கே வழியில்லை, அதற்கு முந்தைய வாரம் வெறும் கீரைதான் என்கிறான். தகப்பனார் வாணவெடி செய்து விற்பவர். ஊரில் திருவிழா நடக்கும்வரை அவருக்குக் காசு வரும். பசி என்றால் என்னவென்று உங்களுக்கு எங்கே தெரியும் என்று மகன் குத்திக்காட்டுகிறான்.

வடக்கே போனால் என்ன கிடைக்கும் என்பதற்கு அவனிடம் ஒரே ஒரு அத்தாட்சிதான் இருக்கிறது. அதே ஊர்க்காரன் கார்மெலோ போய்ப் பணக்காரனாகத் திரும்பியிருக்கிறான். ஒரு கிராமபோனும் கொண்டுவந்திருக்கிறான். எந்தப் பாட்டாக இருந்தாலும் ஒரு தடவை கேட்க ஐந்து சென்டாவோ. அதற்கே சனங்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஆகவே போய்விட்டு வர வேண்டியதுதான் பாக்கி என்பது மகனுடைய கணக்கு. ஒரு கிராமத்தில் வெளிநாட்டு மோகம் எப்படிப் பிடிக்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதலாம். ருல்ஃபோவுக்கு ஒரு கிராமபோனும் ஒரு வரிசையும் போதுமாக இருந்தன.

பிறகுதான் வந்த காரியம் வெளிப்படுகிறது. மனைவி த்ரான்சித்தோவையும் பிள்ளைகளையும் தகப்பனார் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் என்ன உனக்கு ஆயாவா என்று அவர் சீறுகிறார். உன்னையும் செத்துப்போன உன் தங்கச்சியையும் வளர்த்ததே போதும் என்கிறார். மகனும் விடவில்லை. வளர்த்து என்ன கண்டேன்? வாணத் தொழிலைக்கூடக் கற்றுத்தரவில்லை, நான் போட்டிக்கு வந்துவிடுவேன் என்ற பயம் உங்களுக்கு. ஒரு சட்டையும் கால்சட்டையும் மாட்டித் தெருவில் விட்டீர்கள் என்கிறான். த்ரான்சித்தோவைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று முதன்முதலில் அழைத்து வந்தபோது தகப்பனார் அவளைப் பழகிய தெருப்பெண்போலக் கேலி பேசியதும் இந்தச் சண்டையில் வெளியே வருகிறது.

இப்படி ஒருவரை ஒருவர் கிழித்துக்கொண்ட பிறகு ஒப்பந்தம் முடிகிறது. சீக்கிரம் திரும்பிவிடுவேன், அவர்களுக்குச் செய்வதற்கெல்லாம் இரட்டிப்பாகக் கொடுத்துவிடுகிறேன், சோறு மட்டும் போட்டால் போதும் என்று மகன் வாக்குக் கொடுக்கிறான். அந்த ‘இரட்டிப்பு’ என்ற பேச்சைக் கவனிக்க வேண்டும். பேரப்பிள்ளைகளுக்குச் சோறு போடுவதை முதலில் கடனாக மாற்றியவன் மகன். தகப்பனார் பின்னால் செய்வது வசூல்தான்.

அடுத்து அவன் நகரத்துக்கு வருகிறான். ஆள் கடத்திவிடும் ஏஜெண்ட் 200 பெசோ கேட்கிறான். பணம் கைமாறியதும் ஒரு சீட்டு, ஹுவாரெஸ் நகரத்தில் பார்க்க வேண்டிய ஆளின் பெயர், கூடவே ஆலோசனைகள். டெக்சாஸ் வேண்டாம், ஓரேகான் என்று சொல். பருத்தி எடுக்கப் போகாதே, ஆப்பிள் பறிக்கப் போ. அது பிடிக்காவிட்டால் தண்டவாளக் கட்டை போடும் வேலை இருக்கிறது, அதில் இன்னும் காசு. சீட்டைத் தொலைத்துவிடாதே! கதை அச்சான காலத்தில் ஒரு டாலருக்கு 8.65 பெசோ. அந்தக் கணக்கில் இவன் கொடுத்தது சுமார் 23 டாலர்.

இவன் ஏன் ஏஜெண்டிடம் போக வேண்டும்? அரசாங்க வழி ஒன்று அப்போது இருந்தது. இரண்டாம் உலகப்போரில் ஆள் பற்றாக்குறையால் தவித்த அமெரிக்கா, 1942இல் மெக்சிகோவோடு ‘பிராசெரோ’ ஒப்பந்தம் செய்துகொண்டது. 1964 வரை அது நீடித்தது. சுமார் 46 லட்சம் ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. ஒரே ஆள் பலமுறை போய் வந்ததும் இதில் சேர்த்தி. ருல்ஃபோவின் சொந்த மாநிலமான ஹாலிஸ்கோவிலிருந்து ஏராளமானோர் போனார்கள். ஆனால் இடம் கிடைக்கப் பெயர்ப் பட்டியலில் ஏற வேண்டும், தேர்வு மையத்தில் காத்துக் கிடக்க வேண்டும், பல இடங்களில் லஞ்சமும் கொடுக்க வேண்டும். அதற்கு வழியில்லாதவர்களும் பொறுமையில்லாதவர்களும் ஆற்றில் இறங்கினார்கள்.  அரசாங்க வழியில் ஆண் மட்டும்தான் போகலாம். பெண்டாட்டி பிள்ளைகள் ஊரிலேயே.

அடுத்த வெட்டில் மகன் தகப்பன் முன்னால் நிற்கிறான். எங்களைக் கொன்றுவிட்டார்கள் அப்பா என்கிறான். ஆற்றைக் கடக்கும்போது விளக்குகள் கண்ணைக் கூச வைத்தன, குண்டுகள் பாய்ந்தன. கூட வந்த எஸ்தானிஸ்லாதோ அடிபட்டு, என்னை வெளியே இழுத்துவிடு என்று கெஞ்சுகிறான். கையில் காயத்தோடு இவன் அவனைக் கரைக்கு இழுத்து வருகிறான். வந்து பார்த்தால் பிணம். மறுபக்கம் சுட்டது யாரென்று கதை சொல்வதில்லை. பிணத்தருகே வந்த மெக்சிகோ குடியேற்ற அதிகாரி, அபாச்சிகள்தான் சுட்டிருப்பார்கள் என்கிறார். அந்தப் பக்கம் டெக்சாஸ்தானே என்று இவன் கேட்டதற்கு, டெக்சாஸ் முழுக்க அபாச்சிகள்தான் என்று பதில் வருகிறது. விசாரணை அவ்வளவே. செத்தவன் பையிலிருந்து எடுத்த கொஞ்சம் காசு இவனிடம் இருக்கிறது. அதிகாரி வழிச்செலவுக்குப் பணம் கொடுத்து, இன்னொரு தடவை இந்தப் பக்கம் உன் முகத்தைப் பார்த்தால் சாக விட்டுவிடுவேன் என்று விரட்டுகிறார். சாவுக்கும் கருணைக்கும் நடுவில் ஒரு சிரிப்பை நுழைக்கும் ருல்ஃபோவின் கைத்திறம் இந்த இடத்தில் தெரிகிறது.

இத்தனையும் கேட்ட தகப்பனார், உன் முட்டாள்தனத்துக்குக் கிடைத்த கூலி என்கிறார். பிள்ளைகளில் யாராவது செத்துவிட்டார்களா என்று மகன் பதறுகிறான். இல்லை, அவர்கள் பின்கட்டில் தூங்குகிறார்கள். த்ரான்சித்தோ கழுதைகளில் சரக்கு ஏற்றிப் போகும் ஒருவனோடு போய்விட்டாள். செலவுக்கு ஈடாக வீட்டை விற்றாயிற்று. பத்திரச் செலவில் இன்னும் 30 பெசோ நீ தர வேண்டும். ராத்தங்க இடம் பார்த்துக்கொள்.

அன்றைய மதிப்பில் 30 பெசோ என்பது மூன்றரை டாலர். எந்த அளவுக்கு இந்தக் கணக்கு நேர்மையானது என்று கதைக்குள் சரிபார்க்க வழி கிடையாது. வீடு எவ்வளவுக்குப் போனது, பிள்ளைகளுக்கு எவ்வளவு செலவானது, மகன் எத்தனை மாதம் இல்லை, எதுவும் தெரியாது. தெரிவது அந்தத் தொகை மட்டும். மகனும் கணக்குக் கேட்பதில்லை. நாளைக்கு ஏதாவது வேலை தேடி அடைத்துவிடுகிறேன் என்கிறான். போகும்போது அவ்வளவு வாயாடியவன் இப்போது எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. உறவில் நேர்ந்த உண்மையான மாற்றம் இதுதான்; வீடும் மனைவியும் போனதைவிட இது ஆழமானது என்று எனக்குத் தோன்றுகிறது. முன்பு அவன் தகப்பனைக் கேள்வி கேட்கும் மகன், இப்போது பாக்கிக்காரன். பிறகு மனைவி எந்தத் திசையில் போனாள் என்று மட்டும் கேட்டுக்கொண்டு அவளைத் தேடிப் புறப்படுகிறான்.

த்ரான்சித்தோ கதையில் ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. அவளைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் ஒரு மாமனாரின் வாயிலிருந்து வருவது. அதுவும் முதல் நாளிலிருந்தே அவளை இழிவாகப் பார்த்தவரின் வாய். அவர் சொன்னபடிதான் அவள் போனாளா, துரத்தப்பட்டாளா, பட்டினியில் வேறு வழியில்லாமல் போனாளா? வாசகர் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். இந்த வெற்றிடத்தை நிரப்ப இலக்கியத்தைவிட வரலாறு உதவும். அனா எலிசபெத் ரோசாஸ் என்ற வரலாற்றாசிரியர், ஹாலிஸ்கோவின் சான் மார்ட்டின் தே இதால்கோ என்ற ஊரை மையமாக வைத்து பிராசெரோ குடும்பங்களைப் பற்றி எழுதிய நூல் 2014இல் வந்தது. கணவன்மார் வடக்கே போனதும் வீட்டின் கடனையும் உழைப்பையும் பிள்ளை வளர்ப்பையும் சேர்த்துச் சுமந்த பெண்களை அதில் பார்க்கலாம். அதைப் படித்துவிட்டு ருல்ஃபோவிடம் திரும்பினால் மாமனாரின் ஒற்றை வரித் தீர்ப்பு அத்தனை உறுதியாக நிற்காது.

தொகுப்பின் 1970ஆம் ஆண்டுப் பதிப்பில் இந்தக் கதை நீக்கப்பட்டது. 1980இல் மீண்டும் சேர்ந்தது. நகரக் காட்சிகள் வரும் நடுப்பகுதி இரண்டு உரையாடல்களுக்கும் இடையே சற்றுத் துண்டாக நிற்கிறது என்பது உண்மைதான். தொகுப்பின் மிகச் செறிவான கதைகளோடு ஒப்பிட்டால் இதில் தையல் தெரிகிறது. ஆனாலும் இதை எடுத்துவிட்டால், வடக்கே போனவனைப் பின்தொடர்ந்து எல்லைவரை போய்விட்டு அவனுடனேயே திரும்பி வரும் கதை தொகுப்பில் இல்லாமல் போய்விடும்.

தகப்பனாரின் கணக்குப் புத்தகத்துக்கு நிஜத்தில் ஒரு பெரிய பதிப்பும் இருந்தது. பிராசெரோ திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் தொழிலாளர்களின் கூலியில் 10 சதவீதத்தைப் பிடித்து, ஊர் திரும்பியதும் தருவதற்காக மெக்சிகோ வங்கிகளுக்கு அனுப்பினார்கள். பெரும்பாலானோருக்கு அது வந்து சேரவே இல்லை. கிழவர்களான பிறகு அவர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். 2005இல் மெக்சிகோ அரசு ஒரு நிதியை ஏற்படுத்தி, தலா 38,000 பெசோ தர ஒப்புக்கொண்டது. அதைப் பெற ஒப்பந்தக் காகிதத்தைக் காட்ட வேண்டும். பலர் அதற்குள் இறந்திருந்தார்கள். இன்னும் பலரிடம் காகிதம் இல்லை. ஏஜெண்டின் சீட்டோடு ஆற்றில் இறங்கியவர்களுக்கு அந்தப் பட்டியலில் தொடக்கத்திலிருந்தே இடம் கிடையாது.