அறிமுகமும் வாய்ப்பும்

அரியலூர்ப் பக்கம் சென்றவர்கள், வெட்டவெளியில் நிமிர்ந்து நிற்கும் சில நெடுங்கோபுரங்களைக் கண்டிருக்கக்கூடும். அவை கோயிற் கோபுரங்கள் அல்ல. சிமெண்ட் ஆலைகளின் வெப்பக் கோபுரங்கள். பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியாகக் கிடந்த நிலம் இது. ஆகவே சுண்ணாம்புக்கல் இங்கே மிகுதி. கோவிந்தபுரத்தில் ராம்கோ, ரெட்டிப்பாளையத்தில் அல்ட்ராடெக், தாமரைக்குளத்தில் டால்மியா, அரியலூரிலேயே அரசினரின் டான்செம் என்று ஆலைகள் பல இங்கே எழுந்ததன் காரணம் அதுவே.

இந்த ஆலைகளை நம்பித்தான் நாங்கள் பொறியாளர் நால்வர் ஓர் ஆலோசனை நிறுவனம் தொடங்கினோம். ஆலை எரிக்கும் நிலக்கரியும் மின்சாரமும் எங்கே வீணாகின்றன என்று அளந்து சொல்வது எங்கள் தொழில். இதற்கு எரிசக்தித் தணிக்கை என்று பெயர். ஆலை வாயிலில் காத்திருந்து அதிகாரிகளைப் பார்ப்பதே முதலில் நாங்கள் அறிந்த வழி. ஆனால் ஒன்றை விரைவில் உணர்ந்தோம். சூளையை நடத்துபவர் அரியலூரில் இருக்கிறார். பணத்துக்கு ஒப்பம் இடுபவரோ சென்னையிலோ, மும்பையிலோ, டில்லியிலோ உள்ள தலைமை அலுவலகத்தில் இருக்கிறார். வாயிற்காவலரைக் கடந்தாலும் அவரைக் காண முடியாது.

அப்போதுதான் லிங்க்ட்இன் என்னும் தொழில்முறை வலைத்தளத்தை நாடினோம். 2003-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அத்தளத்தில் ஒவ்வொருவரும் தம் பதவி, பணியிடம், படிப்பு ஆகியவற்றைத் தாமே எழுதி வைக்கின்றனர். இன்ன ஆலையில், இன்ன பொறுப்பில் இருப்பவர் யார் என்று தேடலாம். நமக்கு நேரே அறிமுகமானவர் முதல் வட்டம். அவருக்கு அறிமுகமானவர் இரண்டாம் வட்டம். இரண்டாம் வட்டத்தில் இருப்பவரை அணுக, இடையே நிற்கும் நண்பரிடம் ஒரு சொல் கேட்டுப் பெறலாம்.

தொடக்கத்தில் நாங்கள் செய்த பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன். கண்ணில் பட்டோருக்கெல்லாம் அழைப்பு அனுப்பினோம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வாழ்த்துப் படம் வெளியிட்டோம். விருப்பக் குறிகள் குவிந்தன. வேலை ஒன்றும் வரவில்லை. ஒருநாள் பொறுமையாக அமர்ந்து, குறியிட்டவர்கள் யார் என்று ஒவ்வொருவராகப் பார்த்தோம். பெரும்பாலோர் எங்களைப் போன்ற ஆலோசகர்கள். மற்றவர் வேலை தேடும் இளைஞர்கள். ஆலையைச் சேர்ந்தவர் அநேகமாக எவரும் இல்லை. எண்ணிக்கை வளர்ந்தும் ஆலைக்காரர் அதில் இல்லையென்றால் முயற்சி வழிதவறிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

அறிமுகம் வேறு, வாய்ப்பு வேறு. ஓர் அறிமுகம் தகுதியுள்ள வாய்ப்புத்தானா என்று அறிய வணிகர்கள் நான்கு கேள்விகள் கேட்பதுண்டு. அவருக்கு நம் உதவி தேவையா? முடிவு செய்யும் அதிகாரம் அவருக்கு உண்டா? அதற்குப் பணம் ஒதுக்கப்பட்டிருக்கிறதா? எப்போது வேண்டும்? நான்குக்கும் விடை கிடைக்காதவரை அது வெறும் பழக்கமே.

இக்கேள்விகளை முன்வைத்து எங்கள் முறையை மாற்றினோம். நூற்றுக்கணக்கான பெயர்களை விட்டு, சில ஆலைகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். ஒவ்வோர் ஆலையிலும் மூவரைத் தேடினோம்: தொல்லையை நாள்தோறும் அனுபவிக்கும் சூளைப் பொறியாளர், செலவுக்கு இசைவு தரும் ஆலைத் தலைவர், விலை பேசும் கொள்முதல் அதிகாரி. மூவருள் ஒருவரை மட்டும் அறிந்திருந்தால் பேச்சு பாதியில் நின்றுவிடும்.

பின்னர் வாழ்த்துப் படங்களை நிறுத்திவிட்டு, சூளைப் பொறியாளர் ஒருவர் மட்டுமே நின்று படிக்கக்கூடிய சிறு குறிப்புகளை எழுதினோம். ஒன்றைக் கூறுகிறேன். சூளையின் வெப்ப வாயு கோபுரத்தின் வழியே மேலேறும்போது, இடுக்குகளின் வழியே வெளிக்காற்று உள்ளே புகுந்துவிடும். அது சூட்டைத் திருடும். விசிறியின் மின்செலவையும் கூட்டும். இதை எப்படிக் கண்டுபிடிப்பது? வெளிக்காற்றில் பிராணவாயு நூற்றுக்கு ஏறத்தாழ 21 பங்கு. கோபுரத்தின் அடியில் வாயுவிலுள்ள பிராணவாயு 3 பங்கு, உச்சியில் 6 பங்கு என்று வைத்துக்கொள்வோம். கூடியது 3. இருபத்தொன்றுக்கும் மூன்றுக்கும் உள்ள வேறுபாடு 18. மூன்றைப் பதினெட்டால் வகுத்தால் ஆறில் ஒன்று. அதாவது உச்சியில் வெளியேறும் வாயுவில் ஆறில் ஒரு பங்கு, நடுவழியில் புகுந்த வெளிக்காற்று!

இக்குறிப்புக்கு விருப்பக் குறிகள் மிகச் சிலவே விழுந்தன. ஆனால் ஓர் ஆலையின் பொறியாளர் கேட்டார்: “எங்கள் அளவில் வேறுபாடு நான்கு காட்டுகிறது. காற்றுப் புகுகிறதா, கருவியே பழுதா என்று எப்படி அறிவது?” அந்த ஒரு கேள்வி முன்பு பெற்ற குறிகள் அனைத்தினும் மேலானது. கருவியைத் திறந்த வெளியில் பிடித்தால் 21-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கருவியைத்தான் முதலில் திருத்த வேண்டும் என்று விடை எழுதினோம். வேலை கேட்கவில்லை. மறுநாள் கருவி சரியே என்று எழுதினார். தேவை உண்டென்பது அப்போது உறுதியாயிற்று.

அடுத்து, தொலைபேசியில் பேச அனுமதி கேட்டோம். பொதுமேடையில் ஓர் ஆலையின் குறையை விவாதிப்பது அவருக்கும் கேடு, நமக்கும் கேடு. சூளையை ஆண்டுப் பராமரிப்புக்கு எப்போது நிறுத்துகிறீர்கள் என்பதே நாங்கள் முதலில் கேட்டது. இடுக்குகளை அடைக்கச் சூளை நின்றிருக்க வேண்டும். ஆனால் கசிவை அளக்க அது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஆகவே தணிக்கை, நிறுத்தத்துக்குச் சில வாரங்கள் முன்னரே முடிய வேண்டும். நிறுத்தத்துக்கு இரண்டு மாதம் இருந்தது. காலக் கேள்விக்கும் விடை கிடைத்தது. அதிகாரமும் பணமும் தம் மேலதிகாரியிடம் உள்ளன என்று கூறி, அவரே எங்களை அறிமுகம் செய்துவைத்தார். அந்தப் பணி எங்களுக்குக் கிட்டியது.

அதே காலத்தில் மற்றோர் ஆலையிலும் ஒருவர் ஆர்வம் காட்டினார். விசாரித்ததில், அங்கே பராமரிப்பு அப்போதுதான் முடிந்திருந்தது. நாங்கள் அவரைத் தொடர்ந்து நச்சரிக்கவில்லை. அடுத்த நிறுத்தம் எதிர்பார்க்கப்படும் மாதத்தை ஏட்டில் குறித்துக்கொண்டு விலகினோம். தகுதி பார்ப்பதன் பயன் இதுதான்: எங்கே முயல வேண்டும் என்பதோடு, எங்கே இப்போது முயலக் கூடாது என்பதையும் அது சொல்லுகிறது.

இம்முறைக்கு எல்லைகளும் உண்டு. அரசு ஆலைகளில் பழக்கத்தால் பணி பெற இயலாது. 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி, விளம்பரம் கண்டு ஒப்பந்தப்புள்ளி கொடுப்பதே வழி. மேலும், 2001-ஆம் ஆண்டின் எரிசக்திப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் பெரிய ஆலைகளில், சட்டம் கோரும் தணிக்கையை அங்கீகாரம் பெற்ற தணிக்கையாளரே செய்ய வேண்டும். அச்சான்று இல்லாதவர் வலைத்தளத்தில் எவ்வளவு அழகாக எழுதினாலும் அந்தப் பணியைப் பெற இயலாது.

இப்போது எங்கள் மாதக் கணக்கில் விருப்பக் குறிகளுக்கு இடமே இல்லை. ஆலைக்காரர் கேட்ட கேள்விகள் எத்தனை, தொலைபேசிப் பேச்சுகள் எத்தனை, நான்கு கேள்விகளுக்கும் விடை கிடைத்தவை எத்தனை என்று மூன்றே வரிகள். கடைசி வரியில் பெரும்பாலும் சுழியம்தான் இருக்கும். சில மாதங்களில் ஒன்று இருக்கும். நால்வர் கொண்ட நிறுவனத்துக்கு அந்த ஒன்றே போதுமானது.